பொருளாளர் இடையில் விலகினால்: வெற்றிடம் நிரப்பும் தீர்மானமும் ஏற்புக் கடிதமும்

கொழும்பில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கக் கிளைகள், ஆலய நலன்புரிச் சபைகள் எதை எடுத்தாலும் வருடத்தின் நடுவில் ஒருவர் கழன்றுபோவது வழக்கம். விசா வந்துவிடும், இடமாற்றம் வந்துவிடும், அல்லது மனஸ்தாபம் வந்துவிடும். அடுத்த கூட்டத்தில் யாராவது, "தம்பியைப் போடுவம், எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்பார். நாலு பேர் தலையாட்டுவார்கள், இரண்டு பேர் கைதட்டுவார்கள். செயலாளர் கூட்டறிக்கையில் ஒரு வரி எழுதுவார்: "புதிய பொருளாளராகத் திரு. இன்னார் ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டார்."

அந்த ஒரு வரியோடு வங்கிக்குப் போனால் பெரும்பாலும் திரும்பி வரவேண்டியிருக்கும். வங்கி ஏற்றுக்கொண்டாலும், அடுத்த பொதுக்கூட்டத்தில் சங்க விதிகள் அடங்கிய யாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்புகிற ஒருவருக்குப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்த வரியில் நாலு விடயங்கள் இல்லை: பதவி எப்போது, எப்படி வெற்றிடமானது, யாப்பின் எந்தப் பிரிவின் கீழ் நிரப்பப்பட்டது, எதுவரைக்கும், போட்ட ஆள் ஒப்புக்கொண்டாரா இல்லையா. இந்த நாலையும் ஒழுங்காகச் செய்வதற்கு ஒரு கூட்டமும் இரண்டு தாளும் போதும். ஆனால் வரிசை தப்பக்கூடாது.

ஒரு மாதிரிச் சங்கத்தை வைத்துப் பார்ப்போம். வெள்ளவத்தையில் கூடுகிற ஒரு பழைய மாணவர் சங்கக் கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாக சபை 15 பேர்: தலைவர், இரண்டு உப தலைவர்கள், செயலாளர், உப செயலாளர், பொருளாளர், உப பொருளாளர், சபை உறுப்பினர்கள் 8 பேர். வருடாந்தப் பொதுக்கூட்டம் மார்ச்சில் நடக்கிறது. ஜூன் 3ஆம் திகதி பொருளாளர் கடிதம் கொடுக்கிறார்: வெளிநாடு போகிறேன், ஜூன் 30 முதல் சபையிலிருந்து விலகுகிறேன், அதற்குள் கணக்குகளை ஒப்படைப்பேன்.

முதல் கேள்வி, வெற்றிடம் உண்மையிலேயே இருக்கிறதா என்பது. சிரிக்கவேண்டாம், அதிகமான சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன. வட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்கு "இனி என்னை இதில சேர்க்காதேங்கோ" என்று போட்டுவிட்டுக் குழுவை விட்டு வெளியேறுவது இராஜினாமா அல்ல. யாப்பு "எழுத்துமூலம் செயலாளருக்கு" என்று சொன்னால், கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். சில யாப்புகள் "நிர்வாக சபை ஏற்றுக்கொண்ட தினத்திலிருந்து" என்று இன்னொரு படியும் வைத்திருக்கும். அப்படி இருந்தால் சபை ஏற்றுக்கொள்ளும்வரை அவர் பதவியில்தான் இருக்கிறார். கோபத்தில் போனவருடைய இடத்துக்கு அவசரப்பட்டு ஆளைப் போட்டபிறகு, அவர் கோபம் தணிந்து அடுத்த கூட்டத்துக்கு வந்து கதிரையில் இருந்தால், ஒரு பதவிக்கு இரண்டு பேர். சட்டப்படி பார்த்தால் வந்தவர்தான் பொருளாளர், போட்டவர் அல்ல.

ஆகையால் வட்ஸ்அப்பில் விலகியவருக்குச் செயலாளர் அடுத்த நாளே மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பவேண்டும்: உங்கள் செய்தியைப் பார்த்தோம், விலகுவதுதான் உங்கள் முடிவென்றால் கையொப்பமிட்டு எழுதித் தாருங்கள், எந்தத் திகதியிலிருந்து என்பதையும் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் யாப்பில் இருக்கிற மற்ற வழியைப் பார்க்கவேண்டியதுதான். மூன்று கூட்டங்களுக்குத் தொடர்ந்து அறிவிக்காமல் வராதவர் பதவி இழப்பார் என்ற பிரிவு பல யாப்புகளில் உண்டு. அது சுற்று வழி, ஆனால் கேள்விக்கு இடமில்லாத வழி.

எங்கள் மாதிரியில் கடிதம் தெளிவாக இருக்கிறது. ஆனால் திகதியைக் கவனியுங்கள். கடிதம் ஜூன் 3இல் கிடைத்தாலும் வெற்றிடம் ஜூன் 30இல்தான் ஏற்படுகிறது. ஜூன் 15 கூட்டத்தில் ஆளைத் தெரிவுசெய்தால், இல்லாத வெற்றிடத்தை நிரப்பிய மாதிரி ஆகிவிடும். "ஜூலை 1 முதல்" என்று போட்டு முன்கூட்டியே செய்யலாம் என்று வாதாடுபவர்கள் உண்டு. வாதாடவேண்டிய வேலை எதற்கு? ஜூன் கூட்டத்தில் கடிதத்தைச் சபைக்கு அறிவித்து, பெயர்களை யோசிக்கச் சொல்லிவிட்டு, ஜூலை 6 கூட்டத்தில் தீர்மானத்தை எடுப்பது நல்லது. இடையில் மூன்று கிழமை கிடைப்பதால் பழைய பொருளாளரைப் பிடித்துக் கணக்குப் புத்தகங்களையும் பற்றுச்சீட்டுப் புத்தகங்களையும் அங்கத்தவர் பதிவேட்டையும் வாங்கிக்கொள்ளவும் முடியும்.

அடுத்தது யாப்பு. வெற்றிடம் நிரப்பும் பிரிவு அநேகமாக இரண்டு மூன்று வசனந்தான் இருக்கும். எங்கள் மாதிரி யாப்பின் பிரிவு 9(3) இப்படி என்று எடுப்போம்:

"வருடாந்தப் பொதுக்கூட்டங்களுக்கு இடையில் நிர்வாக சபையில் ஏற்படும் வெற்றிடத்தை, வாக்குரிமையுள்ள சங்க உறுப்பினர் ஒருவரை இணைத்துக்கொள்வதன் மூலம் நிர்வாக சபை நிரப்பலாம். அவ்வாறு இணைத்துக்கொள்ளப்பட்டவர் அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டம் வரை பதவி வகிப்பார். தலைவர், செயலாளர், பொருளாளர் போன்ற பதவியாளர்களின் வெற்றிடத்தை நிர்வாக சபை தனது உறுப்பினர்களுள் ஒருவரைக் கொண்டு நிரப்பும்."

இந்த மூன்று வசனத்தையும் சொல்சொல்லாகப் படிக்கவேண்டும். "நிரப்பலாம்" என்றால் சபை விரும்பினால் காலியாகவே விடலாம். "நிரப்பவேண்டும்" என்றிருந்தால் விடமுடியாது. "அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டம்" என்பதில் "வருடாந்த" என்ற சொல் இல்லாத யாப்புகளும் உண்டு. அவற்றில், கட்டடநிதிக்காகச் செப்டெம்பரில் ஒரு விசேட பொதுக்கூட்டம் கூட்டினால், புதியவருடைய பதவி அன்றைக்கே முடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் மறுப்பது கஷ்டம். வேறு சில யாப்புகள் "விலகியவரின் எஞ்சிய காலத்துக்கு" என்கின்றன. சபையின் காலம் ஒரு வருடம் என்றால் இரண்டும் ஒன்றுதான். இரண்டு வருடம் என்றால் ஒன்றல்ல. முதல் வகையில் புதியவர் வரும் மார்ச்சில் போகவேண்டும், இரண்டாவது வகையில் அதற்கு அடுத்த மார்ச் வரை இருக்கலாம்.

இன்னொரு பிரிவும் பக்கத்தில் இருக்கும், அதோடு இதைக் குழப்பக்கூடாது. "நிர்வாக சபை தேவையெனக் கருதினால் மேலதிகமாக இருவரை இணைத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு வாக்குரிமை இல்லை" என்ற வகைப் பிரிவு அது. கட்டடக் குழுவுக்கு ஒரு பொறியியலாளரைச் சேர்ப்பதற்காக அதை வைத்திருப்பார்கள். எல்லாரும் பேச்சில் இரண்டையும் "கோ-ஒப்ட்" என்றே சொல்லுவார்கள். வெற்றிடத்துக்கு வருபவர் முழு உறுப்பினர், வாக்கு உண்டு, கூட்டம் நடக்கத் தேவையான நிறைவெண்ணில் கணக்கு உண்டு. மேலதிகமாக வருபவர் அப்படியல்ல. தீர்மானத்தில் பிரிவு இலக்கம் எழுதவேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். இலக்கம் இல்லாவிட்டால், ஆறு மாதத்துக்குப் பிறகு இவர் எந்த வகை என்று கூட்டறிக்கையைப் பார்த்து யாராலும் சொல்லமுடியாது.

இனி 9(3)இன் மூன்றாவது வசனம். பொருளாளர் பதவியைச் சபை "தனது உறுப்பினர்களுள் ஒருவரைக் கொண்டு" நிரப்பவேண்டும். அப்படியென்றால் வெளியில் இருக்கிற கணக்காளரை நேரே பொருளாளராக்க முடியாது. கொழும்புச் சங்கங்களில் மிகச் சாதாரணமாக நடக்கிற பிழை இது. இரண்டு தீர்மானம் வேண்டும். முதலில் சபைக்குள் இருக்கிற ஒருவரைப் பொருளாளராக்குவது. அதனால் அவருடைய உறுப்பினர் இடம் காலியாகும். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை இணைத்துக்கொள்வது. எல்லாருடைய விருப்பமும் வெளியில் இருக்கிற அந்தக் கணக்காளர்தான் என்றால் வரிசையை மாற்றவேண்டும்: முதலில் பொருளாளர் விலகியதால் சபையில் குறைந்த அந்த ஓர் இடத்துக்கு அவரை இணைத்து, அவர் ஏற்ற பிறகு, அடுத்த கூட்டத்தில் பொருளாளராக்குவது. ஒரு மாதம் கூட எடுக்கும், ஆனால் பிழையில்லை. அந்த ஒரு மாதத்துக்கு உப பொருளாளர் வேலையைப் பார்க்கலாம். அவர் இருப்பது அதற்குத்தானே.

எங்கள் மாதிரியில் உப பொருளாளர் தனக்கு நேரமில்லை என்கிறார். சபை உறுப்பினர் எண்மரில் ஒருவர், வங்கியில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், பொருளாளராக இருக்க இணங்குகிறார். எனவே முதல் வழிதான்.

கூட்ட அறிவித்தலில் இது தனி விடயமாக இருக்கவேண்டும். "ஏனைய விடயங்கள்" என்ற தலைப்புக்குக் கீழே, தேநீர் வந்த பிறகு எடுக்கிற காரியம் அல்ல இது. வராதவர்கள், "தெரிந்திருந்தால் வந்திருப்பேன்" என்று சொல்வதற்கு இடம் வைக்கக்கூடாது. யாப்பு 7 நாள் அறிவித்தல் கேட்டால், அறிவித்தல் அனுப்பிய நாளையும் கூட்ட நாளையும் விட்டுவிட்டு எண்ணுவது பாதுகாப்பு. ஜூலை 6 கூட்டத்துக்கு ஜூன் 27 அனுப்பினால் இடையில் 8 முழு நாட்கள் இருக்கின்றன. நிகழ்ச்சி நிரலில் வரி இப்படி: "பொருளாளர் பதவி வெற்றிடம், பிரிவு 9(3)இன் கீழ் பொருளாளரை நியமித்தலும், அதனால் ஏற்படும் உறுப்பினர் வெற்றிடத்துக்கு ஒருவரை இணைத்துக்கொள்ளலும்." பெயர் போடவேண்டியதில்லை. போட்டால் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள் என்று கதை வரும்.

நிறைவெண் எவ்வளவு? "எட்டுப்பேர்" என்று யாப்பில் எண்ணாக இருந்தால் வெற்றிடம் இருந்தாலும் எட்டுத்தான். "பதவியிலுள்ளவர்களில் பாதிப்பேர்" என்றிருந்தால் இப்போது 14 பேர், ஆகவே 7. புதிதாக வரப்போகிறவர் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டு ஓரத்தில் இருந்தாலும் நிறைவெண்ணில் சேரமாட்டார். அவர் இன்னும் உறுப்பினர் அல்ல. ஆறுபேர் வந்திருக்க, அவரை ஏழாவதாக எண்ணிக்கொண்டு அவரையே தெரிவுசெய்கிற வேடிக்கையும் நடப்பதுண்டு.

வரப்போகிறவரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது அவசியம். கேட்கவேண்டியது இரண்டுதான்: வர விருப்பமா, மாதம் ஒரு ஞாயிறு மாலை ஒதுக்க முடியுமா. வாக்குரிமை இருக்கிறதா என்பதை அவரிடம் கேட்கக்கூடாது, அங்கத்தவர் பதிவேட்டில் பார்க்கவேண்டும். பல யாப்புகளில் நடப்பு வருடச் சந்தா கட்டியிருந்தால்தான் வாக்குரிமை. சிலவற்றில் சேர்ந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகியிருக்கவும் வேண்டும். தீர்மானம் எடுக்கும் நாளில் தகுதி இருக்கவேண்டும், அதற்குப் பிறகு சந்தா கட்டி நேராக்க முடியாது. அங்கத்தவர் பதிவேடு போய்விட்ட பொருளாளரிடம் இருந்தது என்று யாராவது சொன்னால் ஆச்சரியப்படவேண்டாம். அதனால்தான் ஜூனிலேயே வாங்கி வைக்கச் சொன்னது.

கூட்டத்தில் நடப்பது இப்படி. 14 பேரில் 9 பேர் வந்திருக்கிறார்கள், நிறைவெண் சரி. செயலாளர் இராஜினாமாக் கடிதத்தை வாசிக்கிறார். முன்னாள் பொருளாளரின் சேவைக்கு நன்றி பதியப்படுகிறது. பிறகு முதல் தீர்மானம்:

"பொருளாளர் அவர்கள் 03.06 திகதியிட்ட கடிதத்தின் மூலம் 30.06 முதல் பதவி விலகியதால் அப்பதவி வெற்றிடமாகியுள்ளமையைச் சபை பதிவுசெய்கிறது. யாப்பின் பிரிவு 9(3)இன்படி, சபை உறுப்பினர் திரு. ......... அவர்களை இன்று முதல் அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டம் வரை பொருளாளராக நியமிக்கத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் ........., வழிமொழிந்தவர் ........."

நியமிக்கப்பட்டவர் அதே கூட்டத்தில் இருக்கிறார். அவர் எழுந்து ஏற்கிறேன் என்று சொல்ல, அது கூட்டறிக்கையில் எழுதப்படுகிறது. இப்போதுதான் உறுப்பினர் இடம் காலியாகிறது. அதன் பிறகே இரண்டாவது:

"மேற்படி நியமனத்தால் சபை உறுப்பினர் பதவிகளில் ஏற்பட்ட ஒரு வெற்றிடத்துக்கு, யாப்பின் பிரிவு 9(3)இன்படி, வாக்குரிமையுள்ள அங்கத்தவரான (அங்கத்துவ இல. ......) திரு. ......... அவர்களை இணைத்துக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது. அவரது எழுத்துமூல ஏற்பு செயலாளருக்குக் கிடைக்கும் தினத்திலிருந்து அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டம் வரை அவர் முழு வாக்குரிமையுடன் பதவி வகிப்பார். 20.07க்கு முன் ஏற்புக் கிடைக்காவிடின் இத்தீர்மானம் செயலற்றதாகும். முன்மொழிந்தவர் ........., வழிமொழிந்தவர் ........., ஆதரவு 9, எதிர்ப்பு இல்லை."

கடைசியில் இருக்கிற காலக்கெடு வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், வருவாரா மாட்டாரா என்று தெரியாத ஒருவருக்காக அந்த இடம் மாதக்கணக்கில் தொங்கும். வேறொருவரைப் போடுவதென்றால் பழைய தீர்மானத்தை இரத்துச்செய்யவேண்டிவரும், அது அந்த மனிதருக்கும் மரியாதைக்குறைவு. காலக்கெடு இருந்தால் தானாகவே கலைந்துவிடும், யாருக்கும் சங்கடமில்லை. இரண்டு கிழமை போதுமானது.

இரண்டு பெயர் முன்மொழியப்பட்டால் கைதூக்கவேண்டாம், துண்டுச்சீட்டுக் கொடுங்கள். ஊரில் ஒன்றாகப் படித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கைதூக்குவது கஷ்டம். சமமாக வந்தால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டா என்பது யாப்பைப் பொறுத்தது. யாப்பில் சொல்லாவிட்டால் தலைவருக்கு அது இல்லை, தீர்மானம் நிறைவேறவில்லை. பெயர் வந்தவர் அறையில் இருந்தால், பேச்சு நடக்கும்போது வெளியே நிற்கச் சொல்வது வழமை. அதையும் "அவர் வெளியேறினார், திரும்பினார்" என்று பதிவது நல்லது.

கூட்டம் கூட்ட நேரமில்லை, வட்ஸ்அப்பிலேயே முடிப்போம் என்ற எண்ணம் வரும். சுற்றறிக்கை மூலம் தீர்மானம் எடுக்கலாம் என்று யாப்பில் இருந்தால் சரி, அப்போதும் எல்லாரும் அல்லது யாப்பு சொல்கிற அளவினர் எழுத்தில் சம்மதிக்கவேண்டும். அப்படி ஒரு பிரிவு இல்லாவிட்டால் பதினொரு கட்டைவிரல் விழுந்தாலும் தீர்மானம் இல்லை.

ஏற்புக் கடிதத்துக்கு வருவோம். செயலாளர் கூட்டத்துக்கு அடுத்த நாளே தீர்மானத்தின் பிரதியோடு கடிதம் அனுப்பவேண்டும். பதில் கடிதத்தைப் புதியவர் தானாக எழுதினால் பெரும்பாலும் நன்றி நிறைய இருக்கும், ஏற்பு இருக்காது. "இப்பெரும் பொறுப்பை எனக்கு வழங்கிய தங்களுக்கு என் உளங்கனிந்த நன்றிகள், என்னால் இயன்றதைச் செய்வேன்" என்று ஒரு பக்கம் வரும். எதை ஏற்கிறார், எந்தத் தீர்மானத்தை, எதுவரை என்று ஒன்றும் இருக்காது. ஆகையால் செயலாளரே வாசகத்தை அனுப்பி, கையொப்பமிட்டுத் தரச் சொல்வது நல்லது:

"செயலாளர் அவர்களுக்கு, 06.07 நிர்வாக சபைக் கூட்டத்தில் யாப்பின் பிரிவு 9(3)இன் கீழ் என்னைச் சபை உறுப்பினராக இணைத்துக்கொண்ட தீர்மானத்தின் பிரதி கிடைத்தது. அப்பதவியை ஏற்றுக்கொள்கிறேன். எனது பதவிக்காலம் அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டம் வரை என்பதை அறிவேன். நான் நடப்பு வருடச் சந்தா செலுத்திய, வாக்குரிமையுள்ள அங்கத்தவர். சங்கத்துடன் எனக்கோ எனது குடும்பத்தினருக்கோ உள்ள வணிகத் தொடர்புகள்: இல்லை / பின்வருமாறு. ......... கையொப்பம், முழுப்பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி, திகதி."

வணிகத் தொடர்பு வரியைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. மலர் அச்சடிக்கிற அச்சகம், விழாவுக்குச் சாப்பாடு தருகிற கடை, மண்டப ஒலியமைப்பு, எல்லாம் அங்கத்தவர்களுடைய குடும்பத் தொழிலாகத்தான் இருக்கும். அதில் தவறில்லை. அந்த விலைமனு மேசைக்கு வரும் நாளில் அவர் ஒதுங்கியிருக்கவேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

ஏற்பில் நிபந்தனை இருந்தால் அது ஏற்பு அல்ல. "ரெண்டு மாசம் வந்து பாக்கிறன், சரிவந்தா இருக்கிறன்" என்று ஒருவர் எழுதினால், செயலாளர் தொலைபேசியில் பேசி நிபந்தனை இல்லாத கடிதம் வாங்கவேண்டும், இல்லையேல் காலக்கெடுவுக்கு விட்டுவிடவேண்டும். மௌனமும் ஏற்பு அல்ல. அடுத்த கூட்டத்துக்கு வந்து இருந்துவிட்டார் என்பதை ஏற்பாக எடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் எங்கள் தீர்மானம் "எழுத்துமூல ஏற்பு" என்கிறபடியால் அந்த வழி மூடப்பட்டுவிட்டது. மின்னஞ்சலில் வந்தால், கையொப்பமிட்ட கடிதத்தின் ஸ்கேன் பிரதியாக இருக்கட்டும்.

மாதிரியில் கடிதம் ஜூலை 10 திகதியிட்டது, செயலாளர் கையில் கிடைத்தது 11. தீர்மானத்தின்படி 11தான் பதவி தொடங்கும் நாள். செயலாளர் கடிதத்தின் மூலையில் "11.07 கிடைத்தது" என்று எழுதிக் கையொப்பமிடவேண்டும். அடுத்த கூட்டறிக்கையில், "திரு. ......... அவர்களின் 10.07 திகதிய ஏற்புக் கடிதம் 11.07 கிடைத்தமை பதியப்பட்டது" என்று ஒரு வரி. சமுகமளித்தோர் பட்டியலில் அவருடைய பெயர் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வரவேண்டும்.

சங்கம் சாதாரண சங்கமாக இல்லாமல், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவாகி, சபை உறுப்பினர்கள் இயக்குநர்களாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. இயக்குநர் மாற்றத்தைப் படிவம் 20 மூலம் 20 வேலை நாட்களுக்குள் கம்பனிப் பதிவாளருக்கு அறிவிக்கவேண்டும். விலகியவருக்கும் புதியவருக்கும் சேர்த்துத்தான். கம்பனிச் செயலாளர் நிறுவனம் ஒன்றை வைத்திருந்தால் தீர்மானத்தின் பிரதியை அவர்களிடம் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

பிறகு வங்கி. இங்கேதான் நாட்கள் போகும். காசோலையில் ஒப்பமிடும் அதிகாரம் பொருளாளருக்கு இருப்பதால், வங்கிக்குப் போவது முதல் தீர்மானம், இரண்டாவது அல்ல. வங்கி சாதாரணமாகக் கேட்பது: கூட்டறிக்கையின் உரிய பகுதியைத் தலைவரும் செயலாளரும் சான்றுப்படுத்திய பிரதி, புதியவரின் மாதிரிக் கையொப்பம், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, முகவரிச் சான்று, வங்கியின் சொந்தப் படிவங்கள். யாப்பின் பிரதியையும் கொண்டுபோங்கள். கூட்டறிக்கை தமிழில் இருப்பது சரி, ஆனால் வங்கிக்குக் கொடுக்கும் பிரதிக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்தால் இரண்டாவது தடவை அலைய வேண்டியிருக்காது. அதில் பெயர் அடையாள அட்டையில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா, முதலெழுத்தா முழுப்பெயரா என்பதும் ஆளுக்காள் மாறும். சங்கத்தில் எல்லாரும் கூப்பிடுகிற பெயருக்கும் அட்டையில் இருக்கிற பெயருக்கும் சம்பந்தமே இல்லாதவர்களும் உண்டு. அடையாள அட்டை இலக்கத்திலும் பாருங்கள்: பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். வங்கியில் அவருடைய சொந்தக் கணக்கு பழைய இலக்கத்தில் இருந்து, சங்கக் கடிதத்தில் புதியது இருந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள்.

வங்கிக்குத் தருகிற பிரதியில் இரண்டு விடயம் வெளிப்படையாக இருக்கவேண்டும்: பழையவருடைய ஒப்ப அதிகாரம் நீக்கப்படுகிறது, புதியவருடையது சேர்க்கப்படுகிறது. சேர்ப்பதை மட்டும் எழுதினால், வெளிநாடு போனவருடைய கையொப்பம் வங்கிக் கணினியில் உயிரோடு இருக்கும். மாற்றம் முடியும்வரை எப்படிக் காசோலை எழுதுவது? "தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர்" என்ற ஏற்பாடு என்றால் தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டுக் காரியம் நடக்கும். "பொருளாளரும் மற்ற ஒருவரும்" என்றால் எல்லாம் நின்றுவிடும். அப்படிப்பட்ட சங்கங்களில்தான் போகிறவரிடம் வெற்றுக் காசோலை பத்தில் முன்கூட்டியே கையொப்பம் வாங்கி வைக்கிற பழக்கம் இருக்கிறது. அது வேண்டாம். விலகிய திகதிக்குப் பிறகு எழுதிய காசோலையில் அதிகாரமற்றவருடைய ஒப்பம் இருப்பதைக் கணக்காய்வாளர் பார்த்தால் குறிப்பு எழுதாமல் விடமாட்டார். ஜூன் மாதத்துக்குரிய கொடுப்பனவுகளை ஜூன் 30க்கு முன்பே முடித்து, ஜூலையில் அவசரமில்லாததைத் தள்ளிவைப்பதுதான் வழி.

இவ்வளவும் படித்துவிட்டு, எங்கள் சங்கத்தில் போன வருடம் ஒருவரை இப்படியெல்லாம் இல்லாமல் போட்டுவிட்டோமே என்று நினைக்கிறவர்கள் இருக்கலாம். பதறவேண்டாம். பிழை தெரிந்தவுடன் அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தைச் சரியான வடிவில் மறுபடி எடுத்து, புதிய ஏற்புக் கடிதம் வாங்குங்கள். பழைய திகதியைப் போட்டுக் கூட்டறிக்கையைத் திருத்தவேண்டாம், அது வேறு குற்றம். பிறகு இடைக்காலத்தில் அவர் வாக்களித்த முடிவுகளை எடுத்துப் பாருங்கள். 8க்கு 3 என்று நிறைவேறியதில் அவருடைய வாக்கைக் கழித்தால் 7க்கு 3, முடிவு நிற்கும். 6க்கு 5 என்று நிறைவேறியதில் அவர் ஆறில் ஒருவர் என்றால் 5க்கு 5, அந்த முடிவு நிற்காது. நிறைவெண்ணும் அவரால்தான் எட்டியது என்றால் அந்தக் கூட்டத்தின் முடிவுகள் எல்லாமே கேள்வி. அப்படிப்பட்டவற்றை மட்டும் பட்டியலிட்டு, முறையான கூட்டத்தில் மீண்டும் வாக்கெடுத்து உறுதிப்படுத்தினால் போதும். நியமனக் குறைபாட்டால் சபையின் முடிவுகள் செல்லுபடியற்றதாகா என்ற பிரிவு சில யாப்புகளில் இருக்கும். இருந்தால் வேலை இன்னும் குறைவு.

மார்ச்சில் வருடாந்தப் பொதுக்கூட்டம் வரும்போது, இணைத்துக்கொள்ளப்பட்டவரை "உறுதிப்படுத்துகிறோம்" என்று ஒரு தீர்மானம் போடுகிற வழக்கம் இருக்கிறது. எங்கள் மாதிரி யாப்பில் அதற்கு இடமில்லை. அவருடைய காலம் முடிகிறது, தொடர விரும்பினால் மற்றவர்களைப் போல வேட்புமனுக் கொடுத்துப் போட்டியிடவேண்டும். வேட்புமனு முடிவுத் திகதி பெப்ரவரியில் என்றால், தான் ஏற்கெனவே சபையில்தானே இருக்கிறேன் என்று நினைத்து அதைத் தவறவிட்டுவிடுவார். ஆகையால் செயலாளர் ஜனவரிக் கூட்டத்திலேயே அவருக்கும் புதிய பொருளாளருக்கும் இதை ஞாபகப்படுத்தி, வேட்புமனுப் படிவம் ஒவ்வொன்றைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.